சம்பளம் நின்றபின் வீட்டு வேலை யாருக்கு?

கடந்த இரண்டு வருடங்களாக எமது தமிழ் மன்றத்தின் விவாத மேடையில் ஒரே தலைப்பு வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. நெருக்கடிக் காலத்தில் பெண்ணும் உழைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு பேசும். குடும்பத்தைத் தாங்குவது ஆணின் கடமை, அதைப் பெண்ணின் தோளில் மாற்றக்கூடாது என்று மற்றத் தரப்பு பேசும். நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார். கைதட்டிவிட்டு நாங்கள் வகுப்புக்குப் போவோம். உம்மா உழைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் சோறு ஆக்கப் போவது யார் என்று இரண்டு தரப்பிலும் ஒருவரும் கேட்டதை நான் இதுவரை கேட்கவில்லை.

வாப்பாவின் சம்பளம் நின்றால் வீட்டில் பணம் குறைகிறது. அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு சம்பளத்தைச் சுற்றித்தான் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் வேலையும் நேரமும் மரியாதையும் அடுக்கப்பட்டிருந்தது. நடுவிலிருந்த பெட்டியை உருவியதும் மேலே இருந்தவை சரிகின்றன. அவற்றை எடுத்து மறுபடி அடுக்காவிட்டால், யார் மறுத்துப் பேசமாட்டாரோ அவருடைய தலையில் வந்து விழும். எங்கள் பகுதி வீடுகளில் அந்தத் தலை பெரும்பாலும் மூத்த மகளுடையது. இந்தக் கட்டுரை அவளைப் பற்றியது.

நான் உயர்தரம் படிப்பதற்காகச் சாச்சியின் வீட்டில் தங்கியிருக்கிறேன். அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்று. ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு இதை எழுதச் சம்மதித்தார்கள். சாச்சா 14 வருடங்களாகக் கொழும்பில் ஓர் இறக்குமதி நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வியாழன் இரவு பஸ் ஏறி வந்து, வெள்ளி ஜும்ஆ முடித்து, சனி பின்னேரம் திரும்பிவிடுவார். 2022இல் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபின் அந்த நிறுவனத்தின் வேலை படிப்படியாகச் சுருங்கியது. 2023 ஜனவரிக் கடைசியில் சாச்சா இரண்டு பெரிய பைகளோடு வந்தார், திரும்பிப் போகவில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் என்னோடு உயர்தரம் படிக்கிறாள். இரண்டாமவள் ஒன்பதாம் வகுப்பு. கடைக்குட்டி மகன் நான்காம் வகுப்பு. அடுத்த வளவில் உம்மம்மா.

கிழக்கில் பிறந்தவர்களுக்கு இந்த அமைப்பைச் சொல்லத் தேவையில்லை, மற்ற மாவட்டத்துத் தோழியருக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் அவள் வீட்டுக்கு வருகிறார். வீடு சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படும். ஆகவே சாச்சி வீட்டில் கூரை சாச்சியின் பெயரிலும், அதற்குக் கீழே எரியும் அடுப்பு சாச்சாவின் சம்பளத்திலும் இருந்தன. சம்பளம் நின்றதும் சாச்சா தன்னை அந்த வீட்டில் விருந்தாளி போல உணரத் தொடங்கினார். யாரும் அவரிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் காலை எட்டு மணிக்கு நல்ல சேர்ட் போட்டுக்கொண்டு வெளியே போய், பள்ளிவாசல் முன்றலிலும் சந்தியிலும் இருந்துவிட்டு, லுஹருக்குப் பிறகு பின்பக்கப் படலையால் வருவார். மாமியார் வாசலில் இருப்பார் என்பதுதான் காரணம்.

முதல் இரண்டு மாதம் வீட்டில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. "இன்னும் ரெண்டு கிழமையில எங்கயாவது கெடைக்கும்" என்ற நம்பிக்கையில் எல்லாம் பழையபடியே நடந்தது. இந்த இரண்டு மாதம்தான் அதிகம் சேதம் செய்கிறது என்பது என் எண்ணம். பழைய ஒழுங்கு போய்விட்டது, புதிய ஒழுங்கு வரவில்லை, இரண்டையும் பற்றிப் பேசுவது சாச்சாவை அவமதிப்பதாகிவிடும் என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பேசாமல் இருந்த அந்த நாட்களில் சாச்சா தனக்குத் தெரிந்த ஒரே வேலையை வீட்டில் தொடங்கினார். களஞ்சியப் பொறுப்பாளர் அல்லவா, சமையலறைத் தட்டுகளைச் சோதித்தார். தேங்காய் நேற்று ஆறு இருந்ததே, இன்று மூன்று எப்படி வந்தது என்று கேட்டார். பழைய மிளகாய்த்தூள் இருக்கப் புதிய பக்கற்றை ஏன் உடைத்தீர்கள், முதலில் வந்ததுதானே முதலில் போகவேண்டும் என்று சத்தம் போட்டார். 14 வருடம் ஒரு வீட்டைத் தனியே நடத்திய சாச்சிக்கு அது எப்படியிருந்திருக்கும்! "இஞ்சப் பாருங்க, இது உங்கட ஸ்டோர் இல்ல" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

இதற்கிடையில் பத்திர வேலைகள் இருந்தன. அதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். வேலையை விட்டு வரும்போது சாச்சாவிடம் ராஜினாமாக் கடிதம் ஒன்றில் ஒப்பம் வாங்கியிருந்தார்கள். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். ஆணையாளர் அனுமதித்தால் நட்டஈடும் தீர்மானிக்கப்படும். தானாக விலகியதாக எழுதிக் கொடுத்தவருக்கு அந்தக் கதவு மூடப்பட்ட மாதிரித்தான். ஆனாலும் பணிக்கொடை போகாது. ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில், விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. கடைசி அடிப்படைச் சம்பளம் 62,000 ரூபா. அதில் பாதி 31,000. பதினான்கு வருடத்துக்கு 434,000. நினைவூட்டல் கடிதம் எழுதி, தொழில் அலுவலகத்துக்கும் ஏறி இறங்கி, ஏப்ரலில்தான் அது கைக்கு வந்தது. ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் இருந்ததை வேலை விட்டதும் கேட்கலாம், கேட்டார்கள். ஊழியர் சேமலாப நிதியம் ஆண்களுக்கு 55 வயதில். சாச்சாவுக்கு 44. இந்தப் படிவங்கள் எல்லாவற்றையும் நிரப்பியது வர்த்தகப் பிரிவில் படிக்கும் மூத்த மகள். இது அவளுக்குப் புதிதாக வந்த முதல் வேலை. யாரும் அதை வேலை என்று எண்ணவில்லை.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் சாச்சி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடத் தொடங்கினார். நோன்பு மாதத்தில் காலைக் கடை இல்லையென்பதால் அதுவரை காத்திருந்தார். நாலு கிலோ அரிசிமா. கிலோவுக்கு ஏறக்குறைய 55 இடியப்பம் வரும், மொத்தம் 220. கடைக்காரர் ஒன்றுக்கு 10 ரூபா கொடுப்பார். 2,200 ரூபா வரவு. அரிசி வாங்கி மில்லில் அரைத்து எடுக்கும் மா 1,040. கேஸும் விறகும் 290. பை, உப்பு, சில்லறை 120. மிச்சம் 750. மாதத்தில் 26 நாள் போட்டால் 19,500.

செலவை எவ்வளவு வெட்டியும் வீட்டுக்கு மாதம் 62,000 வேண்டியிருந்தது. இடியப்பத்தைக் கழித்தால் 42,500 பணிக்கொடையிலிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் 434,000 பத்து மாதத்துக்கு வரும். இந்தக் கணக்கை ஒரு பின்னேரம் குசினி வாசற்படியில் இருந்து போட்டோம். அந்தப் பத்து மாதம் என்ற எண் கிடைத்த அன்றுதான் சாச்சாவும் சாச்சியும் முதல் தடவையாக நேருக்கு நேர் பேசினார்கள். பணம் எவ்வளவு என்பதைவிட நாள் எவ்வளவு என்று தெரிவது மனிதரை அமைதிப்படுத்துகிறது போலும்.

ஆனால் அந்தப் பணத்துக்கு இன்னொரு உரிமைக்காரி இருந்தாள். மூத்தவளின் சீதன வீடு. பின்வளவில் அத்திவாரம் போட்டு, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்து நிற்கிறது. பணிக்கொடை வந்தால் சுவரை முடித்து பீம் போடலாம் என்று உம்மம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "பொம்புளப் புள்ளைக்கு ஊடு இல்லாம ஆரு கேட்டு வருவான்?" என்பது அவரது கேள்வி. அது வெறும் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்குக் கடைசிவரை நிற்கும் ஒரே சொத்து அந்த வீடுதான். அவள் கணவனின் வேலை போனாலும் அவளை எழும்பு என்று சொல்ல ஆளில்லை, சாச்சியே அதற்குச் சாட்சி. இருந்தாலும் அன்று சுவரை நிறுத்துவது என்று முடிவானது. முடிவைச் சொன்னது சாச்சி. மகளிடம் ஒருவரும் கேட்கவில்லை என்பதை நான் இங்கே பதிந்து வைக்கிறேன், அவள் சம்மதித்திருப்பாள் என்றாலும்.

இனி என் கொப்பிக்கு வருகிறேன். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒன்றை நடத்தியது. யார் எத்தனை மணி எந்த வேலையில் செலவிடுகிறார் என்று ஆட்களிடம் கேட்டுப் பதிவது. அதைப் பற்றி வகுப்பில் படித்ததும், மே மாதக் கடைசியில் ஒரு கிழமை முழுவதும் சாச்சி வீட்டில் அதையே செய்து பார்த்தேன். ஒரு சீ.ஆர். கொப்பியில் ஆளுக்கு ஒரு பக்கம்.

சாச்சி காலை மூன்றே காலுக்கு எழும்புகிறார். ஆறே காலுக்கு இடியப்பம் முடிகிறது. பின்னேரம் அடுத்த நாளுக்கு மா வறுத்து அரித்து வைக்க ஒன்றரை மணித்தியாலம். ஆக இடியப்பத்துக்கு மட்டும் நாலரை மணித்தியாலம். இது முன்பிருந்த வீட்டு வேலைக்கு மேலே வந்தது. முன்பு எட்டு மணித்தியாலம் அளவில் செய்துவந்த சமையல், கழுவல், கூட்டல் ஆகியவற்றில் சாச்சி இப்போது நாலரை மணித்தியாலம்தான் செய்கிறார். மீதி மூன்றரை எங்கே போனது? மூத்தவளின் பக்கத்தில் இருந்தது. அவள் முன்பு ஒன்றரை மணித்தியாலம் வேலை செய்தவள், அந்தக் கிழமை தினமும் ஐந்து மணித்தியாலம் செய்திருக்கிறாள். தம்பியை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தம் செய்வது, பகல் சோறு, கறி, உடுப்புக் கழுவல். சாச்சாவின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தது. சந்தைக்குப் போய் மீன் வாங்குவது.

சாச்சா சோம்பேறியல்ல, கல்நெஞ்சக்காரருமல்ல. அவரிடம் கேட்டால் "நான் உதவி செய்றன்தானே" என்பார், அது பொய்யுமல்ல. சொன்னால் தண்ணீர் நிரப்புவார், கேட்டால் தேங்காய் துருவிக் கொடுப்பார். கோளாறு அந்த "உதவி" என்ற சொல்லில் இருந்தது. உதவி செய்பவர் கையை மட்டும் தருகிறார். என்ன வேலை, எப்போது, எவ்வளவு, முடிந்ததா என்ற நினைப்பு முழுவதும் சாச்சியின் தலையிலேயே இருந்தது. மீன் வாங்கி வந்து கழுவும் இடத்தில் வைத்துவிட்டுப் போவார். அதைத் துப்புரவாக்கி, வெட்டி, மஞ்சள் போட்டு வைப்பது யார் என்று அவர் நினைக்கமாட்டார். அங்கே ஒருத்தி கொப்பியை மூடிவிட்டு எழும்புவாள்.

இது பிழையாகப் போகிறது என்பதை அறிய எங்களுக்கு இரண்டு அடையாளங்கள் கிடைத்தன. ஒன்று, சாச்சி வாயிலிருந்து "பரவாயில்ல, நானே செய்றன்" என்ற பேச்சு நாளுக்கு நாலைந்து தடவை வந்தது. சொல்லி வேலை வாங்குவதைவிடத் தானே செய்வது இலகு என்று அவர் முடிவு செய்துவிட்டார் என்று அதற்குப் பொருள். மற்றது, மூத்தவளின் கணக்கீட்டு ரியூசன் கொப்பி. மே மாதத்தில் ஆறு வகுப்பில் இரண்டுக்குத்தான் போயிருந்தாள். ஒருவரும் அவளைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பு மூன்று மணிக்கு, மா வறுப்பதும் மூன்று மணிக்கு.

கொப்பியைச் சாச்சாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தோம். காட்டியது மகள். அவர் எதுவும் சொல்லாமல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இதுல கூட்டல் சரியா?" என்று கேட்டுத் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வேலைகள் முழுசாகக் கைமாறின. முழுசாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். மீன் என்றால் சந்தையிலிருந்து மஞ்சள் போட்டு மூடி வைக்கும்வரை சாச்சாவுடையது. தம்பி என்றால் எழுப்புவது முதல் குர்ஆன் மத்ரஸாவில் விட்டுக் கூட்டி வருவதுவரை. இடியப்பத்தைச் சைக்கிளில் மூன்று கடைக்கும் கொண்டுபோய் ஒப்படைத்துக் காசு வாங்கி எழுதி வைப்பது. உடுப்புக் கழுவிக் காயப்போட்டு மடிப்பது. பின்னேரம் மா வறுத்து அரிப்பது. இரண்டாமவளுக்கும் பாத்திரங்கள் என்று ஒன்று எழுதப்பட்டது. மூத்தவளுக்குப் பகல் சோறு மட்டும், அதுவும் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்வரை என்று தேதி போட்டு. தேதி போடச் சொன்னது சாச்சா. களஞ்சியத்தில் தேதி இல்லாமல் ஒரு பெட்டியும் உள்ளே வராதாம்.

முதல் இரண்டு கிழமை பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளை யூனிஃபோமை நீல அபாயாவோடு ஊறப்போட்டார், இரண்டாமவள் ஒரு கிழமை இளநீலத்தில் பள்ளிக்கூடம் போனாள். மா ஒருநாள் கருகியது, 220 இடியப்பமும் சிவந்து கடைக்காரர் திருப்பி அனுப்பினார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் எல்லாம் பழையபடி திரும்பிவிடுகிறது என்று நினைக்கிறேன். சாச்சிக்கும் கை துருதுருத்தது. தலையிடுவதில்லை என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்த அந்தப் பதினான்கு நாட்களும் அவர் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது என்று பிறகு சொன்னார். மூன்றாம் கிழமை சாச்சா மா வறுப்பதைத் தன் தொழில் போலவே எடுத்துக்கொண்டார். எந்த அரிசியில் கிலோவுக்கு 52 வருகிறது, எதில் 58 வருகிறது என்று எழுதி வைத்து, அரிசிக் கடையை மாற்றினார். முன்பு சண்டைக்குக் காரணமான அதே கணக்குப் புத்தி இப்போது வீட்டுக்குப் பயன்பட்டது. அவர் பார்த்துக்கொள்ள ஒரு பகுதி அவருடையதாக இருந்தது, மற்றவர் பகுதியை எட்டிப் பார்க்கும் தேவை குறைந்தது.

வெளியார் கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இது பாதி உண்மையாகிவிடும். உடுப்புக் கொடி முன்வளவில் இருந்தது. "மருமகன் உடுப்புக் காயப்போடுறத்த ஊரே பார்க்கணுமா புள்ள?" என்று உம்மம்மா அழுதேவிட்டார். மருமகனை ஏளனம் செய்து அவர் அழவில்லை, மருமகனுக்காக வெட்கப்பட்டு அழுதார். சாச்சா கொடியைக் கிணற்றடிப் பக்கம் மாற்றிக் கட்டினார். கொள்கைக்காரர்கள் இதைத் தோல்வி என்பார்கள். எனக்கு அது நல்ல புத்தியாகவே தெரிகிறது, உடுப்பு காய்ந்தால் போதுமே. ரசூலுல்லாஹ் தமது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் எழுந்து போவார்கள் என்று ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை இரண்டாமவள் பாடப் புத்தகத்திலிருந்து உம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். உம்மம்மா கேட்டுக்கொண்டார், ஆனால் கொடி கிணற்றடியிலேயே இருக்கட்டும் என்றார்.

சாச்சியின் 750 ரூபாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பற்றி எங்கள் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. மனைவியைப் பராமரிக்கும் கடமை கணவனுடையது, மனைவியின் உழைப்பும் சொத்தும் அவளுடையவை என்பதை மார்க்க வகுப்பில் எல்லோரும் படித்திருக்கிறோம். அவள் வீட்டுக்குக் கொடுத்தால் அது அவளுடைய கொடை. இப்னு மஸ்ஊதின் மனைவி ஸைனப், தன் கணவனுக்குச் செலவு செய்வது தர்மமாகுமா என்று கேட்டனுப்பியபோது, இரண்டு கூலி உண்டு என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள்: உறவைப் பேணியதற்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று. தர்மம் என்றால் கொடுத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். சாச்சி வீட்டில் அந்தப் பணம் அரிசியிலும் லைட் பில்லிலும் கரைந்துபோனது, எழுதி வைக்க ஒருவரும் இல்லை. மகளின் யோசனைப்படி இப்போது இடியப்பக் கணக்குக்கு வேறு கொப்பி. வீட்டுக்குக் கொடுத்தது ஒரு நிரலில், சாச்சி தனக்கு வைத்துக்கொண்டது மற்ற நிரலில். வைத்துக்கொள்வது நாளுக்கு 50 ரூபாதான். சின்னத் தொகை என்று சிரிக்கலாம். ஆனால் சாச்சா ஒருநாள் மைத்துனருக்குக் கைமாற்றுக் கொடுக்க இடியப்பக் காசிலிருந்து எடுக்க வந்தபோது, கொப்பியைப் பார்த்துவிட்டு, "இதுல எடுக்கலாமா?" என்று சாச்சியிடம் கேட்டார். கேட்டது புதிது.

ஒக்டோபரில் சாச்சாவுக்கு ஊரிலேயே ஒரு ஹாட்வெயார் கடையில் களஞ்சிய வேலை கிடைத்தது. 45,000 ரூபா. காலை எட்டரை முதல் இரவு ஏழு மணிவரை, வெள்ளி லீவு. ஊரெல்லாம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது. நாங்களும் சொன்னோம். ஆனால் இரண்டாவது ஆபத்து அங்கேதான் காத்திருந்தது, முதலாவதைவிட அது கண்ணுக்குத் தெரிவது குறைவு. வேலை போனபோது வீடு தலைகீழானது எல்லோருக்கும் தெரிந்தது. வேலை வந்தபோது எல்லாம் சரியாகிவிட்டது போலத் தோன்றியது. அவர் களைத்து வருகிறார் என்று முதல் கிழமையிலேயே தம்பியை எழுப்புவது மூத்தவளுக்கு வந்தது. இரண்டாம் கிழமை உடுப்பு. மா வறுப்பது முதல் நாளே வந்துவிட்டது, மூன்று மணிக்கு வீட்டில் இருப்பது அவள்தானே. 45,000 பழைய 62,000க்குப் போதாது என்பதால் சாச்சியின் இடியப்பமும் நிற்கவில்லை. ஆக வேலை இழந்த காலத்தில் சாச்சா சுமந்ததெல்லாம் சேர்ந்து, ஜனவரியில் பரீட்சை எழுத இருக்கும் பெண்ணிடம் வந்து சேர்ந்தது.

இந்தத் தடவை கொப்பி போட வேண்டியிருக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாச்சாவே எல்லோரையும் கூப்பிட்டார். காலை எட்டு மணிக்கு முன் முடியக்கூடிய வேலைகள் அவரிடம் இருப்பதாக முடிவானது: கடைகளுக்கு இடியப்பம் கொடுப்பது, மீன், தம்பி பள்ளிக்கூடம் போவது. உடுப்பு முழுவதும் வெள்ளிக்கிழமை, அதுவும் அவர். தம்பி மத்ரஸாவுக்கு இனித் தனியே நடந்து போவான், பத்து நிமிட நடைதான், பத்து வயதாகிறது. மூத்தவளின் பகல் சோறு சொன்ன தேதிப்படி சாச்சிக்குத் திரும்பியது.

மிஞ்சியது பின்னேர மா. அதற்கு ஆளே இருக்கவில்லை. சாச்சி சுபஹுக்கு முன் எழும்புகிறவர், பின்னேரம் கொஞ்சம் கண்ணயராவிட்டால் விழுந்துவிடுவார். இரண்டாமவள் அடுப்படிக்கு இன்னும் சின்னவள். அப்போது மூத்தவள் ஒரு கணக்குக் காட்டினாள். வறுத்து அரித்த மா சந்தையில் கிலோ 300 ரூபா. நாங்கள் அரைத்து எடுப்பது 260. நாலு கிலோவுக்கு 160 ரூபா கூடுதல். அதைக் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலம் யாருக்கும் வேண்டாம், வறுக்கும் விறகும் மிச்சம். 750 இல் 160 போகிறதே என்று சாச்சி திடுக்கிட்டார். "அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கு இத்தனை நாளும் நான் சும்மாதானே நின்றேன் உம்மா, அதனாலதான் 750 வந்தது" என்றாள் அவள். சாச்சி கொஞ்ச நேரம் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மா வறுத்தே வருகிறது. மூன்று மணிக்கு நானும் அவளும் கணக்கீட்டு வகுப்புக்குப் போகிறோம். உம்மம்மாவுக்கு மட்டும் இன்னும் குறை. கடை மாவில் மணமில்லையாம், அவருக்கென்று நாலு இடியப்பம் வேறாக வறுத்து அவிக்க வேண்டுமாம். அதை வெள்ளிக்கிழமைகளில் சாச்சா செய்து கொடுக்கிறார்.